ஐந்தாம் நம்பர் பந்து

அட்டைப்பெட்டியின் சணல் கயிற்றை அறுத்து மூடியைத் திறந்ததுமே மங்களாம்பிகைக்கு முகம் சுருங்கிவிட்டது. மேலே ஒரு கால்பந்து, அதற்குக் கீழே கூடைப்பந்து ஒன்று, ஓரத்தில் செக்கச் சிவந்த கிரிக்கெட் பந்துகள். எல்லாம் புதுசு. தோல் வாடை மூக்கைத் துளைத்தது. அவள் கால்பந்தை எடுத்துத் திருப்பி, வால்வுக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்தாள். ஐந்து. கூடைப்பந்தில் ஏழு. கிரிக்கெட் பந்துகள் ஐந்தரை அவுன்ஸ்.

"என்ன டீச்சரம்மா, பேச்சு மூச்சே காணும்? தஞ்சாவூர்லேயே ஒசத்தியான சாமான் இதான்னு கடைக்காரன் சத்தியம் பண்ணிக் குடுத்தான்" என்றார் பஞ்சநாதன். ஆலங்கொல்லையில் பாதி நிலம் அவருடையது. மீதிப் பாதி அவர் பங்காளிகளுடையது. உயர்நிலைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். வெள்ளை வேட்டியில் கட்சிக்கரை. முன்பு வேறு கரை. ஆட்சி மாறிய வருஷம் கரையும் மாறியது.

"சாமான் நல்ல சாமான்தாங்க. ஆனா இது யாருக்கு?"

"யாருக்குன்னா? உங்க பசங்களுக்குத்தான். ஆறாம் வகுப்புப் பசங்களை வச்சு ஒரு ஆட்டம் போடுங்க, பஞ்சாயத்து சேர்மன் வந்து பார்க்கட்டும்."

"ஆறாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பதினோரு வயசு. அதுங்க ஆடுறது நாலாம் நம்பர் பந்து. எட்டு வயசுக்குள்ளன்னா மூணாம் நம்பர். இது அஞ்சு. பெரியவங்க பந்து. பதிமூணு வயசு தாண்டினாதான் இதைக் குடுக்கணும். கூடைப்பந்தும் ஆம்பளை ஆளுங்க ஆடுற அளவு. இங்கே கூடை மாட்டக் கம்பமே இல்லை, அது வேற விஷயம். கிரிக்கெட் பந்தும் அப்படித்தான், சின்னப் பசங்களுக்குன்னு எடை குறைஞ்சது தனியா விக்கிது. கடையில வயசைச் சொல்லிக் கேட்டிருந்தாலே எடுத்துக் குடுத்திருப்பாங்க."

பஞ்சநாதன் சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

"பெரிய பந்தா வாங்கிக் குடுத்தது குத்தமாப் போச்சா?"

"குத்தம்னு சொல்லலைங்க. மாத்திட்டு வரச் சொல்றேன்."

தலைமையாசிரியர் இராஜாங்கம் குறுக்கே வந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிற மனுஷன். அந்தக் கொஞ்ச காலத்தையும் யாரோடும் மோதாமல் கழித்துவிட வேண்டும் என்பதே அவருக்கு வேண்டுதல். "மங்களம், நாலாம் நம்பரு அஞ்சாம் நம்பருன்னு இப்ப எதுக்கு? சேர்மன் நாளைக்குக் காலையில வர்றார். போட்டோக்காரனுக்கும் சொல்லியாச்சு. பத்து நிமிஷம் உருட்டட்டும், அப்புறம் உங்க இஷ்டம்."

"நம்மகிட்டே பழைய நாலாம் நம்பர் பந்து இருக்கு சார். அதுல ஆடட்டும். புதுப் பந்தைச் சேர்மன் கையில குடுத்து போட்டோ எடுத்துக்கலாம்."

"அந்தப் பிஞ்சுபோன பந்திலா?" என்றார் பஞ்சநாதன். "நான் வாங்கிக் குடுத்தது பெட்டியில தூங்கணும், கிழிஞ்சது மைதானத்துல ஓடணும். அதான் உங்க கணக்கு. ஏம்மா, நீங்க சம்பளம் வாங்குறது பிள்ளைங்களுக்கு விளையாட்டுச் சொல்லித் தரவா, எனக்குப் பாடம் நடத்தவா?"

மங்களாம்பிகைக்குச் சுருக்கென்று கோபம் வரும். மாயவரத்தில் அவள் படித்த கல்லூரியிலேயே அதற்குப் பேர் போனவள். நாக்கு நுனி வரைக்கும் வந்த பதிலை விழுங்கிக்கொண்டு, கிரிக்கெட் பந்துகளை மட்டும் பெட்டியோடு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இதை மட்டும் நான் இருக்கிற வரைக்கும் வெளியில எடுக்க விடமாட்டேன். தலையில பட்டா உயிருக்கே ஆபத்து" என்றாள். கால்பந்து வெளியே இருந்தது. அவளுக்குத் தெரியும், அது வெளியே இருக்கக் கூடாது என்று. ஆனால் இரண்டில் ஒன்றை மறித்தோமே என்ற அற்பத் திருப்தியில் அன்றைக்கு வீட்டுக்குப் போனாள்.

புரட்டாசி பாதி போயிருந்தது. ராத்திரி மழை பிடித்து விடியற்காலையில்தான் விட்டது. வாய்க்காலை ஒட்டிய மைதானத்தில் கணுக்காலுக்கு நீர் நின்ற இடங்களும் இருந்தன. சுற்றிலும் குறுவைக் கதிர் தலை சாய்ந்து அறுப்புக்குக் காத்திருந்தது. அறுப்பு மட்டும் தொடங்கவில்லை. கூலி நெல்லை உயர்த்தாமல் அரிவாள் எடுப்பதில்லை என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லிவிட்டது. சங்கத்தின் கிளைச் செயலாளர் வீரையன், காலனிக்காரர். வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்துக்கொள்கிறேன் என்று பஞ்சநாதன் சொல்லியிருந்தார். இறக்கினால் வரப்பில் படுத்து மறிப்போம் என்று வீரையன் பதில் சொல்லியிருந்தார். ஊர் முழுக்க இதே பேச்சு.

சேர்மன் வந்தார், மாலை விழுந்தது, பந்தை உதைப்பது போல ஒரு காலைத் தூக்கி நின்றார், பல்பு மின்னியது. அப்புறம் குழந்தைகள் ஆடத் தொடங்கினார்கள்.

மங்களாம்பிகை ஊர்த்தெருப் பிள்ளைகளையும் காலனிப் பிள்ளைகளையும் கலந்துதான் எப்போதும் அணி பிரிப்பாள். இது பஞ்சநாதனுக்குப் பிடிக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் கோல்கீப்பர் நாகநாதன், பஞ்சநாதனின் செத்துப்போன தம்பியின் மகன். ஒடிசலான பையன். எதிர்ப்பக்கம் முன்னால் ஆடியவள் பூவம்மாள், வீரையனின் மகள். வகுப்பிலேயே அவளைப் போல ஓங்கி உதைக்க ஆளில்லை.

ஐந்து நிமிடம் போவதற்குள் பந்து தண்ணீரைக் குடித்துக் கறுத்துவிட்டது. தைத்த தோல் பந்து அப்படித்தான். நனைய நனையக் கனக்கும். போதாக்குறைக்கு, பார்வைக்கு விறைப்பாக இருக்கட்டும் என்று பஞ்சநாதனின் நிலபுலத்தைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் காலையில் கூடுதலாகக் காற்றை வேறு அடித்திருந்தார். பிள்ளைகள் உதைத்துவிட்டு உதைத்துவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பையன் தலையால் முட்டப் போனவன் கடைசி நொடியில் பயந்து குனிந்துவிட்டான். மங்களாம்பிகை விசிலை வாயில் வைத்தபடி தலைமையாசிரியரைப் பார்த்தாள். அவர் இன்னும் கொஞ்சம் என்று கையால் சாடை காட்டினார்.

அப்போதுதான் பந்து பூவம்மாளின் காலுக்கு வந்தது. கோலுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நிற்கிற தூரம்கூட இல்லை. அவள் உதைத்தாள். நாகநாதன் பயப்படாமல் இரண்டு உள்ளங்கையையும் விரித்து முகத்துக்கு நேரே நீட்டினான். சொல்லிக்கொடுத்தது போலவே நீட்டினான். பந்து வலது கையை அப்படியே பின்னுக்கு மடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய் விழுந்தது.

மல்லாந்து விழுந்து அவன் போட்ட சத்தத்தில் வாய்க்கால் கரையில் இருந்த கொக்குகள் எழும்பின. பூவம்மாள் ஓடினாள். சேற்றில் கால் வழுக்கி அவன் பக்கத்திலேயே விழுந்தாள். மங்களாம்பிகை போய்ச் சேர்ந்தபோது பையனின் மணிக்கட்டு முள்கரண்டி வளைந்தது போல வளைந்திருந்தது.

பஞ்சநாதனின் காரில்தான் மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கார்க் கதவைச் சாத்தும்போது பஞ்சநாதன் மங்களாம்பிகையைப் பார்க்கவில்லை. தூரத்தில், சேற்றோடு நின்று அழுதுகொண்டிருந்த பூவம்மாளைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் காலை மங்களாம்பிகைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டீக்கடையில் சேதி கிடைத்தது. விடியும் முன்னே போலீஸ் வந்து வீரையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. விழுந்து கிடந்த பையன் கையை அவர் மகள் ஏறி மிதித்து ஒடித்தாளாம். மிதிக்கச் சொல்லி ஏவிவிட்டவர் அப்பனாம். காரியக்காரர் பார்த்த சாட்சி.

பள்ளியில் இராஜாங்கம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"சப்-இன்ஸ்பெக்டர் நாளைக்கு இங்கேயே வந்து விசாரிக்கிறாராம். உங்களைத்தான் முக்கியமாக் கேப்பாங்க. நீங்கதானே விசில் வச்சிருந்தவங்க. சரியாக் கவனிக்கலைன்னு சொல்லிடுங்க. கூட்டமா இருந்துச்சு, மறைச்சிடுச்சுன்னு."

"நான் கவனிச்சேனே சார். அந்தப் பொண்ணு மிதிக்கலை. பந்து அடிச்சுக் கை மடங்குச்சு."

"பந்து அடிச்சுச்சுன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்னு யோசிச்சீங்களா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "எந்தப் பந்து, யார் குடுத்த பந்து, யார் ஆட விட்டது? ஆட விட்டது நீங்க, மங்களம். உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க."

"நீங்கதான் சார் ஆடச் சொன்னீங்க."

இராஜாங்கம் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். "நான் சொன்னதை யாராவது கேட்டாங்களா?" என்றார்.

அவளுக்கு அந்த ஆளின் மேல் கோபத்தைவிட அருவருப்புதான் வந்தது. அதைவிட அதிகமாகத் தன் மேலேயே வந்தது. நாலா ஐந்தா என்று தெரியாத ஆள் செய்தால் அது அறியாமை. தெரிந்தவள் விசில் ஊதினால் அதற்கு என்ன பேர்?

பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மன்னார்குடிக்கு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு பார்க்கிற டாக்டர் இளவயசுக்காரர். பந்தையும் மிதித்த கதையையும் அவள் சொல்லக் கேட்டு, எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். "மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே முறிஞ்சிருக்கு. கை பின்னாடி மடங்கினா வர்ற முறிவு இது. மிதிச்சிருந்தா விரல் எலும்பும் புறங்கை எலும்பும்ல போயிருக்கும்? தோல்ல ஒரு சிராய்ப்புக்கூட இல்லையே. வளர்ற எலும்பு, கூடிடும். ஆனா இந்த வயசுல கோல்கீப்பரா நிக்கிற பையனுக்கு அவ்வளவு பெரிய பந்தை யார் குடுத்தது?"

"குடுத்தாங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

வார்டில் நாகநாதன் மாவுக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா பிரகதாம்பாள். மங்களாம்பிகையைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்த வேகத்தில், அறைந்துவிடுவாளோ என்றுகூடத் தோன்றியது.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தீங்க?"

"பையனைப் பார்த்துட்டுப் போகலாம்னு..."

"பார்த்தாச்சில்ல? போங்க. வலது கை. எழுதுற கை. அப்பன் இல்லாத பிள்ளை, இது ஒண்ணை நம்பித்தான் அந்த வீட்டுல ஒரு மூலையில கெடக்குறேன். காலனிப் பிள்ளைங்களோட கலந்து ஆட விட்டு உங்க புரட்சியெல்லாம் எம்புள்ளை கையிலதான் காட்டணுமா?"

"கலந்து ஆடினதால உடையலைம்மா. அந்தப் பொண்ணு மிதிக்கலை. பந்து பெருசு, நனைஞ்சு கனத்துப்போச்சு. அதைக் கையால தடுக்கிற வயசு இல்லை இவனுக்கு."

"அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மங்களாம்பிகை தயங்கினாள். "தெரியும்" என்றாள்.

பிரகதாம்பாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அப்ப அந்தப் பொண்ணைவிட நீங்கதான் பாவி. போயிடுங்க இங்கேருந்து."

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சொல் அவள் காதிலேயே இருந்தது. மறுத்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

விசாரணை நாளில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. ஒரு பக்கம் பஞ்சநாதனின் ஆட்கள், மறுபக்கம் சங்கத்து ஆட்கள், நடுவில் இரண்டு கான்ஸ்டபிள். வீரையனை ஜீப்பில் கொண்டுவந்திருந்தார்கள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. பூவம்மாள் அவள் அம்மாவின் பின்னால் ஒண்டி நின்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "சொல்லுங்கம்மா. நடந்தது என்ன?" என்றார். அவருக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று முகத்தில் எழுதியிருந்தது.

மங்களாம்பிகை நின்றபடியே சொன்னாள். மழை, பந்து, உதை, மடங்கிய கை. டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். "மிதிச்சாங்கிறது பொய். வேணும்னா அந்த டாக்டரையே கூப்பிட்டுக் கேளுங்க."

"பந்து பட்டுக் கை உடையுமாக்கும்!" என்றார் பஞ்சநாதன். "சார், இவங்க சங்கத்துக்காரங்க பக்கம். ஊருக்கே தெரியும். தெருப் பிள்ளை, காலனிப் பிள்ளைன்னு வித்தியாசம் பாக்காம ஒட்டி ஒட்டி விளையாட விடுறவங்க. என்ன வேணா சொல்லுவாங்க."

அவள் வெளியே போய், மழையில் கிடந்து இன்னும் காயாத புதுப் பந்தையும் கிழிந்த பழைய பந்தையும் எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். சத்துணவுக் கூடத்துத் தராசில் காலையிலேயே நிறுத்துப் பார்த்திருந்தாள்.

"சார், கையில எடுத்துப் பாருங்க. இது பதினோரு வயசுக்கு. நாலாம் நம்பர், முந்நூத்தைம்பது கிராம் சொச்சம். இது அஞ்சாம் நம்பர். காஞ்சிருந்தாலே நானூத்தைம்பதை ஒட்டி வரும். இப்ப ஊறிக்கிடக்குது, அரைக் கிலோவைத் தாண்டுது. ரெண்டுக்கும் சுற்றளவுலேயே ரெண்டு விரக்கடைக்கு மேல வித்தியாசம். பதினோரு வயசுப் பையன் கை இதை முழுசாப் பிடிக்காது. விரல்ல பட்டுப் பின்னுக்கு மடக்கும். அதுக்காகத்தான் வயசுக்கு வயசு தனித்தனியாப் பந்து செய்யுறான்."

சப்-இன்ஸ்பெக்டர் இரண்டையும் இரண்டு கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

பஞ்சநாதன் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டார். அந்த மனுஷனுக்கு மூளை வேகமாக ஓடும்.

"சரிம்மா. உங்க பேச்சுப்படியே வருவோம். பந்து பெருசு. பிள்ளைங்களுக்கு ஆகாது. உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் விளையாட விட்டது யாரு? விசில் ஊதினது யாரு? அப்ப எங்க வீட்டுப் பிள்ளை கையை ஒடிச்சது நீதான்னு ஆவுதா இல்லையா?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. மங்களாம்பிகை இராஜாங்கத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகத் தெரிந்த கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆவுது" என்றாள் அவள். "நீங்க குடுத்தீங்க, தலைமையாசிரியர் ஆடச் சொன்னார், நான் ஆட விட்டேன். என் பங்குக்கு என் பேரை எழுதிக்குங்க. ஆனா அந்தப் பொண்ணு பேரும் அவ அப்பா பேரும் அதுல வராது."

"நான் அப்படி ஒண்ணும் சொன்னதா ஞாபகம் இல்லையே" என்றார் இராஜாங்கம், கொடிக்கம்பத்திடம்.

வெளியே சலசலப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரகதாம்பாள் வந்தாள். ஒரு கையில் நாகநாதனைப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து பஸ்ஸில் நேராக வந்திருக்க வேண்டும், தலைகூட வாரவில்லை. புருஷனின் அண்ணன் முன்னால் நிமிர்ந்து நிற்காதவள் என்று ஊர் அறிந்தவள். இப்போதும் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள், ஆனால் பேசினாள்.

"இன்ஸ்பெக்டர் ஐயா, எம்புள்ளையை யாரும் கேக்கலை. அவன் கைதானே உடைஞ்சுது? அவனைக் கேளுங்க."

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் பஞ்சநாதன்.

"கேளுங்க ஐயா."

சப்-இன்ஸ்பெக்டர் பையனைப் பக்கத்தில் அழைத்தார். நாகநாதன் பெரியப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மாவுக்கட்டைப் பார்த்தான். "பந்து பட்டுச்சு சார். பூவு மிதிக்கலை. தூக்கிவிட வந்து அவளும் வழுக்கி விழுந்துட்டா" என்றான்.

"இதைச் சொல்லக் கூடாதுன்னு இவங்க ஆளு ஆஸ்பத்திரியில வந்து மிரட்டிட்டுப் போனான்" என்றாள் பிரகதாம்பாள். "எம்புருஷன் பங்கு நெலத்தைத்தான் அவர் கையில வச்சுக்கிட்டு இன்னைக்கு நாளைக்குன்னு ஓட்டுறார். வாயைத் திறக்கலை நான். எம்புள்ளை ஒடிஞ்ச கையையும் அறுப்புக்கு அரிவாளாப் பிடிச்சா எப்படி?"

பஞ்சநாதனுக்கு முகம் செத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியில் சங்கத்து ஆட்களின் சத்தம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. பிரகதாம்பாள் போகும்போது மங்களாம்பிகையின் அருகில் ஒரு கணம் நின்றாள். "உங்களுக்காக வரலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். அவள் அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகவில்லை. பிறந்த ஊரான நாகப்பட்டினத்துக்குப் பையனோடு பஸ் ஏறிவிட்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டார்கள்.

வீரையனைச் சாயங்காலத்துக்குள் விட்டுவிட்டார்கள். லாரி வரவில்லை. தாசில்தார் வைத்த சமாதானக் கூட்டத்தில் சங்கம் கேட்டதில் பாதி கிடைத்தது. மீதிக்கு அடுத்த அறுப்பு வரை சண்டை பாக்கி இருந்தது. கதிர் அதற்கு மேல் தாங்காது என்பதால் இரண்டு பக்கமும் இறங்கி வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

மங்களாம்பிகைக்கு விளக்கம் கேட்டு மேலிடத்தில் இருந்து தாள் வந்தது. தெரிந்தே பொருத்தமில்லாத பந்தைக் கொடுத்து மாணவனுக்குக் காயம் ஏற்படுத்தியதாக. அவள் மறுத்து எழுதவில்லை. அதன் பின்னாலேயே மாற்றல் வந்தது, கோடியக்கரைப் பக்கம், உப்பளத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கு. இராஜாங்கத்துக்கு ஒன்றும் வரவில்லை.

போவதற்கு முன் ஒரு வேலை மீதி இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பூவம்மாள் பள்ளிக்கு வரவேயில்லை. மங்களாம்பிகை காலனிக்கு நடந்தாள். அறுப்பு முடிந்த வயலில் அரிதாள் நின்றது. வீட்டு வாசலில் வீரையன் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். கண்ணின் வீக்கம் வடிந்து மஞ்சள் பூத்திருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

"பூவம்மாளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க."

"எதுக்கு? அடுத்த தடவை யாரு கை ஒடியுமோ, அதுக்கும் எம்மவளைப் பிடிக்கவா?"

"அவ மேல ஒரு தப்பும் இல்லைன்னு எழுதியாச்சுங்க."

"எழுதினாங்க." அவர் அரிவாளைக் கல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். "டீச்சர், ஊரே உங்களைப் பாராட்டுது. பண்ணையை எதிர்த்து நின்னீங்கன்னு சங்கத்துலகூடப் பேசிக்கிறாங்க. நான் அதுல சேரமாட்டேன். லாக்கப்புல என்னை அடிச்சப்ப எனக்கு ஒண்ணுதான் புரியலை, என்ன செஞ்சோம்னு அடிக்கிறான்னு. அப்புறம் தெரிஞ்சுது. அந்தப் பந்து ஆகாதுன்னு உங்களுக்கு மொத நாளே தெரியும். அன்னைக்கே காலை அகட்டி நின்னு முடியாதுன்னு சொல்லியிருந்தா, அந்தப் பையன் கையும் ஒடிஞ்சிருக்காது, என் கண்ணும் வீங்கியிருக்காது. எம்மவ ராத்திரி தூக்கத்துல 'நான் மிதிக்கலை'ன்னு உளறவும் மாட்டா."

மங்களாம்பிகை தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"ஆமாங்க" என்றாள்.

குடிசைக்குள் இருந்து பூவம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க இருப்பீங்களா அங்கே?" என்றார் வீரையன்.

"இல்லை. எனக்கு மாற்றலாயிடுச்சு. வேற ஆள் வருவாங்க."

"அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சாலும் என்னை மாதிரி வாயை மூடிக்கலாம். அதனால நீங்க கேளுங்க. பந்துலேயே நம்பர் போட்டிருக்கும், வால்வுக்குப் பக்கத்துல. பூவுக்குப் பதிமூணு முடியுற வரைக்கும் நாலு. அஞ்சு இருந்தா ஆட விடாதீங்க. நீங்க வந்து கேட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, நீங்களும் பெத்தவங்கதான்."

வீரையன் அரிவாளின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"எழுத்துதான் தெரியாது" என்றார். "நம்பர் படிப்பேன்."

அரிவாளைச் சுவரோரம் சாத்திவிட்டு உள்ளே போனார். அவள் வரப்பில் இறங்கி நடந்தாள். நீடாமங்கலம் பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் ஓடவில்லை, அதை விட்டால் இன்னொன்று வரும். பின்னால் குடிசைக்குள் வீரையன் மகளை அதட்டுவது கேட்டது. பள்ளிக்கூடத்துப் பையை எங்கே போட்டாய் என்று அதட்டினார்.